தோம்புக்குள் ஏழெட்டுச் சொட்டு: சமையல் எரிவாயு ஏன் நாறுகிறது?

"சார், கேஸ் முடியப் போகிற நேரத்தில் மட்டும் ஏன் அந்த நாற்றம் அதிகமாக வருகிறது?"

ஹுத்தான் மெலிந்தாங்கில் நான் நடத்தும் இரசாயன வகுப்பில் படிவம் 5 மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது. இதற்குப் பதில் சொல்ல, நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

நம் வீட்டுத் தோம்பில் இருப்பவை புரொபேன், பியூட்டேன் என்னும் இரண்டு அல்கேன்கள். இவற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கசிந்து அறை முழுக்க நிரம்பினாலும் நம் மூக்குக்குத் தெரியாது. அதனால்தான் எத்தேன்தியால் என்ற பொருளை வேண்டுமென்றே கலக்கிறார்கள். எத்தில் மெர்காப்டன் என்பது இதன் பழைய பெயர். கார்பன் சேர்மங்கள் பாடத்தில் எத்தனாலின் வாய்பாடு C₂H₅OH என்று படித்திருப்பீர்கள். அதிலுள்ள ஆக்சிஜனை எடுத்துவிட்டு கந்தகத்தை வைத்தால் C₂H₅SH. அதுதான் இது. நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்குக் காற்றில் கலந்திருந்தாலே மனித மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும்.

டுரியான் பழத்தின் வாசத்திலும் இந்த எத்தேன்தியால் உண்டு. 2018 ஏப்ரலில் மெல்பர்ன் நகர ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக நூலகத்தில் எரிவாயு கசிகிறது என்று 500க்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். தீயணைப்புப் படையினர் முகமூடி அணிந்து தேடியபோது, அலமாரி ஒன்றில் அழுகிக் கிடந்த டுரியான்தான் அகப்பட்டது. சிரிக்கத் தோன்றும். ஆனால் சந்தேகம் வந்ததும் எல்லாரையும் வெளியேற்றினார்களே, அது மிகச் சரியான செயல்.

நாற்றம் சேர்ப்பதைச் சட்டமாக்க வைத்தது ஒரு பெருந்துயரம். 1937 மார்ச் 18ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடம். எண்ணெய்க் கிணறுகளிலிருந்து மலிவாகக் கிடைத்த எரிவாயுவைக் கட்டடத்தைச் சூடாக்கப் பயன்படுத்தினார்கள். அது மணமற்றது. தரைக்கடியில் கசிந்து சேர்ந்தது யாருக்கும் தெரியவில்லை. தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் மின் இயந்திரம் ஒன்றை இயக்கினார். ஒரு சிறு தீப்பொறி போதுமானதாக இருந்தது. ஏறக்குறைய 300 மாணவர்களும் ஆசிரியர்களும் மாண்டார்கள். அதே ஆண்டில் டெக்சஸ் மாநிலம் எரிவாயுவில் நாற்றம் சேர்க்கச் சட்டம் இயற்றியது. பிறகு உலகம் முழுவதும் அதுவே வழக்கமாயிற்று.

எவ்வளவு சேர்க்கிறார்கள்? அமெரிக்காவில் நெடுநாளாக உள்ள அளவு, 1,000 லிட்டர் திரவ எரிவாயுவுக்குச் சுமார் 12 கிராம். நம் 14 கிலோ தோம்பில் ஏறக்குறைய 25 லிட்டர் திரவம் இருக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் 0.3 கிராம், அதாவது ஏழெட்டுச் சொட்டு.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். புரொபேன் −42 பாகை செல்சியசிலும், பியூட்டேன் 0 பாகையை ஒட்டியும் கொதிக்கும். எத்தேன்தியாலோ 35 பாகையில்தான் கொதிக்கும். ஆகவே தோம்பைப் பயன்படுத்தப் பயன்படுத்த எரிவாயு முந்திக்கொண்டு ஆவியாகிறது. நாற்றப் பொருள் அடியிலுள்ள திரவத்தில் தங்கிச் செறிவாகிறது. கடைசியில் வெளிவரும் வாயுவில் அது கூடுதலாக இருப்பதால் நாற்றமும் கூடுகிறது. அதற்காக, நாற்றம் வந்தாலே "கேஸ் முடியப் போகுது" என்று விட்டுவிடக் கூடாது. கசிவா இல்லையா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

கசிவு எப்போது ஆபத்தாகிறது? காற்றில் சுமார் 2 விழுக்காடு எரிவாயு கலந்துவிட்டால் அது தீப்பற்றும். அதில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது நாற்றம் சேர்ப்பதன் விதி. ஆனால் இந்த எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையில் தண்ணீர்போல் பரவும். 3 மீட்டருக்கு 3 மீட்டர் அளவுள்ள சமையலறையை எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரம் வரை உள்ள காற்று 2,700 லிட்டர். அதில் 2 விழுக்காடு 54 லிட்டர். ஒரு லிட்டர் வாயு சுமார் 2.2 கிராம் என்றால், மொத்தம் 120 கிராம்தான். முழுத் தோம்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நின்றுகொண்டிருப்பவர் மூக்குக்கு மெல்லிய வாடை எட்டும்போதே, காலடியில் நிலைமை மோசமாக இருக்கலாம்.

ஆகவே நாற்றம் வந்தவுடன் செய்ய வேண்டியவை இவை.

முதலில், எந்த மின்விசையையும் தொடாதீர்கள். விளக்கைப் போடுவது மட்டுமல்ல, எரிகிற விளக்கை அணைப்பதும் பொறி உண்டாக்கும். மின்விசிறி, புகைபோக்கி, கைப்பேசி, அழைப்பு மணி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குளிர்பதனப் பெட்டியின் பிளக்கையும் பிடுங்க வேண்டாம்.

அடுத்து, வாடை லேசாக இருந்து, தோம்பு கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் அடுப்பையும் தோம்பின் ரெகுலேட்டரையும் மூடுங்கள். சாமி விளக்கு, ஊதுபத்தி எரிந்தால் அணையுங்கள். வாசல் கதவையும் பின்கதவையும் அகலத் திறந்து வையுங்கள். வாயு தரையோடு போவதால், சன்னலைவிடக் கதவு அதிகம் உதவும்.

நாற்றம் பலமாக இருந்தாலோ, "உஸ்" என்ற சத்தம் கேட்டாலோ எதையும் மூட முயலாதீர்கள். பாட்டி, தாத்தா, தம்பி தங்கைகள் என எல்லாரையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். வீட்டைவிட்டுத் தள்ளி நின்ற பிறகே 999க்கு அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படைக்குத் தெரிவியுங்கள். வரிசை வீடாக இருந்தால் பக்கத்து வீட்டாரைக் குரல் கொடுத்து எழுப்புங்கள். மணியை அழுத்த வேண்டாம்.

நாற்றம் முற்றிலும் போன பிறகு எங்கே கசிந்தது என்று பார்க்கலாம். பாத்திரம் கழுவும் சவர்க்கார நுரையை ரெகுலேட்டர், இரப்பர்க் குழாய், இணைப்புகள் மீது தடவுங்கள். குமிழி வரும் இடத்தில்தான் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது கூடவே கூடாது. குழாயில் வெடிப்பு இருந்தால் ஒட்டுப்போடாமல் மாற்றிவிடுங்கள். தோம்பின் வாயிலேயே கசிந்தால் அதைப் பயன்படுத்தாமல் விற்பனையாளரை அழையுங்கள்.

மூக்கை மட்டும் நம்பிவிடவும் முடியாது. ஒரே வாடையைச் சில நிமிடம் முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும். உள்ளே இருந்தவருக்கு "நாற்றம் போய்விட்டது" என்று தோன்றலாம். வெளியிலிருந்து வருபவர்தான் சரியாகச் சொல்ல முடியும். சளி பிடித்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் முகரும் திறன் குறைவு. துருப்பிடித்த தோம்பின் உட்புறம் நாற்றப் பொருளை உறிஞ்சிக்கொள்வதும் உண்டு. இலங்கையில் 2021 இறுதியில் சமையல் எரிவாயு வெடிப்புகள் தொடர்ந்தபோது, எத்தில் மெர்காப்டன் போதவில்லை என்ற காரணத்துக்காகவே கப்பலில் வந்த எரிவாயுவை இறக்க அதிகாரிகள் மறுத்தார்கள்.

நம் ஊரில் கருவாடு, பெலாச்சான், கட்டிப்பால், செம்பனை ஆலை என்று பலவித வாடைகளுக்குப் பழகிவிட்டோம். அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வாடை வந்தால், "வெளியிலிருந்து வருகிறது" என்று முடிவு செய்யும் முன் தோம்புப் பக்கம் போய் ஒருமுறை குனிந்து முகர்ந்து பாருங்கள். அங்கே கூடுதலாக இருந்தால் ரெகுலேட்டரை மூடிக் கதவைத் திறங்கள். டுரியானா, கேஸா என்ற ஆராய்ச்சியை வெளியே நின்று செய்துகொள்ளலாம்.