டெலிவரி ஆனதாகக் காட்டும், வந்து சேராத பார்சல்

பார்சல் ஒப்படைக்கப்பட்டதாகத் திரையில் காட்டுவது, அதைக் கொண்டுசென்றவர் செய்த பதிவு மட்டுமே. அன்றைய கணக்கை முடிக்க, மிஞ்சியவற்றையும் மாலையில் பதிந்துவிட்டு மறுநாள் கொண்டுவந்து தருவது கூரியர் தொழிலில் உண்டு. வாட்ச்மேனிடமோ பக்கத்து வீட்டிலோ விட்டுச் செல்வதும் உண்டு. ஏமாற்றும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் முதல் பதிலே சந்தேகத்தில் தொடங்கினால், உண்மையில் பொருள் கிடைக்காதவர் மறுபடி அந்தக் கடைப் பக்கம் வரமாட்டார். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பி ஒதுங்கிக்கொள்வதும் வீண். அந்தத் திரையைப் பார்த்துவிட்டுத்தானே அவர் கேட்கிறார்.

சின்னாளப்பட்டியில் வாட்ஸ்அப் வழியாகச் சுங்குடிச் சேலை விற்கும் ஒருவர், 1,450 ரூபாய்ச் சேலை ஒன்றை ஸ்பீட் போஸ்ட்டில் சென்னைக்கு அனுப்புகிறார் என்று கொள்வோம். செவ்வாய் பிற்பகல் ஒப்படைத்ததாகப் பதிவு; புதன் காலை புகார். அவர் தரக்கூடிய நல்ல பதில் இப்படி இருக்கும்:

“வணக்கம் மேடம். நேத்து மதியம் 2.10க்குக் கொடுத்ததா போஸ்ட் ஆபீஸ் பதிவு இருக்கு. பார்சல் மேல எழுதின அட்ரஸ் போட்டோ அனுப்பியிருக்கேன், சரியான்னு பாருங்க. வாட்ச்மேன்கிட்டயும் பக்கத்து வீட்டுலயும் ஒரு தடவை கேட்டுடுங்க. யார் கையெழுத்துப் போட்டு வாங்கினாங்கன்னு நான் இன்னிக்கே புகார் போட்டுக் கேக்கறேன். சனிக்கிழமைக்குள்ள கிடைக்கலைன்னா வேற சேலையோ பணமோ, நீங்க சொல்றபடி அனுப்பிடறேன். அதுக்கப்புறம் பார்சல் வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க.”

இதில் அதிகம் உதவுவது முகவரிப் படம். சென்னைத் தெருக்கள் பலவற்றில் வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு உண்டு. ஒன்றை மட்டும் எழுதினால், அதே எண் கொண்ட வேறு வீட்டுக்குப் பார்சல் போய்விடும். படத்தைப் பார்த்ததும் வாடிக்கையாளரே அந்த வீட்டில் போய்க் கேட்பார். பாதிப் புகார் அங்கேயே தீரும்.

அஞ்சலகத்தில் புகார் கொடுப்பது விற்றவரின் வேலை. பதிவு செய்த ரசீதும், இரண்டு எழுத்தில் தொடங்கி IN என முடியும் 13 இடக் கண்காணிப்பு எண்ணும் அவரிடம்தான் இருக்கின்றன. கையெழுத்து வாடிக்கையாளர் வீட்டில் எவருடையதும் இல்லையென்றால் பார்சல் இடம் மாறியிருக்கலாம்.

பதிலில் ஒரு கெடு நாள் அவசியம். மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகள், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்கச் சொல்கின்றன. பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவருக்கு ஒரு மாதம் மிக நீளம். நான்கைந்து நாள் போதும்.

நட்டம் பெரும்பாலும் விற்றவர் தலையில்தான் விழும். காப்பீடு செய்யாத ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடு, கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. சேலை விலைக்கு அது காணாது. 2025 அக்டோபரிலிருந்து 5 ரூபாயும் வரியும் கூடுதலாகக் கட்டினால், வாங்குபவர் ஓடிபி சொன்ன பிறகே தபால்காரர் பார்சலைக் கொடுப்பார்.