ரெண்டு பெட்ரூமுக்கு பெயின்ட் அடிக்க 27,000 ரூபாயா? கான்ட்ராக்டர் சொல்லும் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது?

பொங்கல் நெருங்கினால் பெயின்டர்களுக்கு கிராக்கி. வீட்டுக்கு வந்து, அறை வாசலில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரெண்டு ரூம் தானே சார், பட்டி, பிரைமர், பெயின்ட் எல்லாம் சேர்த்து 27,000 கொடுத்துடுங்க" என்பார் கான்ட்ராக்டர். அது அதிகமா, நியாயமா என்று நம்மில் பலருக்குத் தெரியாது. அதனால் "ஒரு ரெண்டாயிரம் குறைச்சுக்கோங்க" என்று பேரம் பேசி முடித்துவிடுகிறோம்.

பேரம் பேச வேண்டியது தொகையை அல்ல, அந்தத் தொகைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு விஷயங்களை. ஒன்று, சுவரின் அளவு. இன்னொன்று, பட்டி எவ்வளவு என்பது. ஒரு டேப்பும் அரை மணி நேரமும் இருந்தால் இரண்டையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

ஒரு சாதாரண அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் பெட்ரூம் 12 அடிக்கு 11 அடி. இரண்டாவது 11 அடிக்கு 10 அடி. தரையிலிருந்து சீலிங் வரை 10 அடி. சுவரில் ஏற்கெனவே எமல்ஷன் அடித்திருக்கிறது, நிறம் மங்கிவிட்டது, ஆங்காங்கே ஆணி ஓட்டைகளும் கீறல்களும் இருக்கின்றன.

அளவு எங்கே கூடுகிறது?

முதல் அறையின் நான்கு சுவர்களையும் நீளவாக்கில் கூட்டினால் 46 அடி. அதை உயரம் 10 அடியால் பெருக்கினால் 460 சதுர அடி. இரண்டாவது அறைக்கு 42 அடி, அதாவது 420 சதுர அடி. இரண்டு சீலிங்கும் சேர்த்து 242 சதுர அடி. மொத்தம் 1,122.

இந்த 1,122-ஐ சதுர அடிக்கு 24 ரூபாய் என்று பெருக்கிப் பாருங்கள். 26,928 வருகிறது. கான்ட்ராக்டர் சொன்ன 27,000 இங்கிருந்துதான் வந்தது.

ஆனால் அந்த 1,122-இல் பெயின்ட் படாத இடங்களும் இருக்கின்றன. முதல் அறையில் ஒரு வாசல் கதவு, ஒரு பாத்ரூம் கதவு, ஒரு ஜன்னல், சுவரோடு சேர்ந்த 6 அடி அகல அலமாரி. இவை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 சதுர அடி. இரண்டாவது அறையில் ஒரு கதவு, ஒரு ஜன்னல், கொஞ்சம் சின்ன அலமாரி. இவை 70 சதுர அடி. கழித்தால் சுவர் 710, சீலிங் 242, ஆக மொத்தம் 952 சதுர அடி. கழிக்காமல் விட்ட 170 சதுர அடிக்கு மட்டும் 4,080 ரூபாய்.

இதில் கான்ட்ராக்டர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஜன்னலைக் கழித்தாலும் அதன் பக்கவாட்டு உள்மடிப்புகளில் பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும், அந்த மூலைகளில் வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். அதனால் கதவு, ஜன்னலுக்குப் பாதி கழிப்பது என்று பேசிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஏற்கத்தக்க சமரசம். ஆனால் அலமாரிக்குப் பின்னால் யாரும் பெயின்ட் அடிக்கப்போவதில்லை. அதை முழுசாகக் கழித்தே ஆக வேண்டும்.

தரைப் பரப்பை மூன்றரையால் பெருக்கினால் பெயின்ட் அடிக்கும் பரப்பு வந்துவிடும் என்று ஒரு வாய்ப்பாட்டுக் கணக்கும் புழக்கத்தில் இருக்கிறது. முழு வீட்டுக்குத் தோராயமாகப் பார்க்க அது உதவும். சின்ன அறைகளுக்கு உதவாது. அறை சிறிதாகச் சிறிதாக, தரையை விடச் சுவரின் பங்கு அதிகமாகிவிடும். நம் இரண்டு அறைகளுக்கு அந்தக் கணக்கு 847 என்று காட்டும், உண்மையான அளவோ 952. இதை நம்பி நீங்களே பெயின்ட் வாங்கினால் பாதிச் சுவரில் டப்பா காலியாகும். மறுபடி போய் வாங்கும் டப்பாவில் நிறம் ஒரு மயிரிழை மாறியிருந்தாலும் சுவரில் அப்பட்டமாகத் தெரியும்.

பட்டிதான் பில்லை ஏற்றுகிறது

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். "முழு சுவருக்கும் ரெண்டு கோட் பட்டி பார்த்துடலாம் சார், ஃபினிஷிங் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று சொல்வார்கள். இருக்கும்தான். ஆனால் உங்கள் சுவருக்கு அது தேவையா?

தெரிந்துகொள்ளச் சின்னச் சின்ன சோதனைகள் போதும். உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி ஒட்டினால் அது பழைய டிஸ்டெம்பர், அல்லது பெயின்டின் பிடிப்பு போய்விட்டது. அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே எது போட்டாலும் நிற்காது. அடுத்து ஒரு செலோ டேப்பை நன்றாக ஒட்டிப் படக்கென்று இழுங்கள். பெயின்ட் செதிலாக டேப்போடு வந்தால் அதே பிரச்சினை. இரண்டிலும் சுவர் தப்பித்துவிட்டால், பழைய பெயின்டே நல்ல அடித்தளம். ஓட்டை, கீறல், நெளிவு உள்ள இடங்களில் மட்டும் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பிரைமர் கொடுத்தால் போதும்.

நம் வீட்டில் சுவரின் ஐந்தில் ஒரு பங்குக்கு, அதாவது சுமார் 140 சதுர அடிக்குப் பட்டி தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கோட்டுக்கு ஒரு கிலோ பட்டி 10 சதுர அடி வரும் என்று கணக்கிட்டால் 14 கிலோ. 20 கிலோ வாளி ஒன்று போதும். பிரைமரைப் பட்டி வைத்த இடத்தில் மட்டும் அடித்தால், மேலே பெயின்ட் காய்ந்த பிறகு திட்டுத் திட்டாகத் தெரியலாம். எனவே சுவர் முழுவதற்கும் ஒரு கோட். லிட்டருக்கு 120 சதுர அடி வீதம் 6 லிட்டர்.

பெயின்ட் கணக்கில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. டப்பாவில் போட்டிருக்கும் சதுர அடி ஒரு கோட்டுக்கா, இரண்டு கோட்டுக்கா என்று பார்க்காமல் விடுவது. அதுவும் வழவழப்பான சுவருக்கான அளவு. நம் சுவருக்கு இரண்டு கோட் சேர்த்து லிட்டருக்கு 110 சதுர அடி என்று அடக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. 710 சதுர அடிக்கு ஆறரை லிட்டர். 4 லிட்டர் டப்பா இரண்டு வாங்கினால் மிச்சம் பின்னாளில் தொட்டுவிட உதவும். சீலிங்குக்கு வெள்ளை 3 லிட்டர் போதும். அடர்ந்த நிறத்திலிருந்து வெளிர் நிறத்துக்கு மாறுகிறீர்கள் என்றால் மூன்றாவது கோட் தேவைப்படலாம்.

விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். கணக்குப் புரிவதற்காக ஒரு விலை வைப்போம், உங்கள் கடை விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பட்டி கிலோ 40 ரூபாய் என்றால் 800. பிரைமர் லிட்டர் 130 என்றால் 780. சுவர் எமல்ஷன் லிட்டர் 400 என்றால் 3,200. சீலிங் வெள்ளை லிட்டர் 200 என்றால் 600. உப்புத்தாள், ரோலர், மறைக்கும் டேப், தரையில் விரிக்கும் பிளாஸ்டிக் எல்லாம் 700. பொருள் மொத்தம் 6,080. இரண்டு பெயின்டர்கள் மூன்று நாள், ஆளுக்கு நாள் கூலி 1,100 என்றால் 6,600. கூட்டினால் 12,680.

இதே சுவர்களுக்கு முழுசாக இரண்டு கோட் பட்டி என்றால்? 71 கிலோ தேவை, நான்கு வாளி. அதற்கு 2,400 ரூபாய் கூடுதல், உப்புத்தாளுக்கு இன்னொரு 300. ஆனால் பட்டி காய்ந்து, தேய்த்து, மறுபடி போட்டு, மறுபடி தேய்க்க மூன்று நாள் வேலை ஆறு நாளாகிவிடும். கூலியில் மட்டும் 6,600 ஏறும். மொத்தம் 21,980.

இரண்டுக்கும் வித்தியாசம் 9,300 ரூபாய். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கூலி. "பட்டி என்ன பெரிய விலையா" என்று கேட்டுச் சம்மதிக்கும்போது நாம் மறப்பது இதைத்தான். விலை பட்டியில் இல்லை, அதைத் தேய்ப்பதில் இருக்கிறது. கான்ட்ராக்டருக்கு லாபம், மேற்பார்வைச் செலவு உண்டு என்பதால் இதே தொகையில் அவர் செய்துதர மாட்டார். ஆனால் 27,000 என்பது முழுப் பட்டிக்கான விலை என்பது தெரிந்துவிட்டால், "தேவையான இடத்துக்கு மட்டும் பட்டி, அளவு 952 சதுர அடி, இதுக்கு ரேட் சொல்லுங்க" என்று கேட்க முடியும்.

அந்த ஒரு சுவர் மட்டும் வேறு

முதல் அறையில் பாத்ரூமை ஒட்டிய சுவரைத் தனியாகப் பார்க்க வேண்டும். தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்துக்குப் பெயின்ட் பொறிந்து, விரல் வைத்தால் வெள்ளையாக உப்புப் பொடி உதிர்ந்தால் அது ஓதம். ஒரு பாலித்தீன் தாளை அந்த இடத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் சுவர்ப் பக்கத்தில் நீர்த்துளி கட்டியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

அப்படி வந்தால் அந்தச் சுவரை இந்த எஸ்டிமேட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். உள் சுவர்களுக்கான அக்ரிலிக் பட்டி ஈரத்தில் ஊறி உப்பிவிடும். மேலே எவ்வளவு விலை உயர்ந்த எமல்ஷன் அடித்தாலும் அடுத்த மழைக்காலத்துக்குள் தோலாக உரியும். முதலில் பாத்ரூம் பக்கம் டைல்ஸ் இடுக்கோ பைப்போ சரி செய்யப்பட வேண்டும், பிறகு பூச்சு வரை சுரண்டி, சுவர் காய வேண்டும். புதிதாகப் பூசியிருந்தால் சுமார் நான்கு வாரம் காத்திருப்பது வழக்கம். பொங்கலுக்குள் முடியாது என்றால் அந்த ஒரு சுவரை அப்படியே விட்டுவிடுவதுதான் லாபம்.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியது தண்ணீர். எமல்ஷனில் எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்று டப்பாவிலேயே இருக்கும். ஆறரை லிட்டர் தேவைப்பட வேண்டிய சுவர் நாலு லிட்டரில் முடிந்துவிட்டால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். தண்ணீர் கூடியிருக்கும், அல்லது ஒரு கோட் குறைந்திருக்கும். மாலை வெயில் சாய்வாக விழும்போது சுவரைப் பக்கவாட்டில் பார்த்தால் பழைய நிறம் எட்டிப்பார்ப்பது தெரியும்.

கடையில் நிறம் கலந்த டப்பாவைப் பெரும்பாலும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் இரண்டு டப்பாவையும் ஒரே நேரத்தில் கலந்து வாங்குங்கள். மூடியில் ஒட்டியிருக்கும் நிறக் குறியீட்டு ஸ்டிக்கரை, பெயின்டர் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.