பச்சை டிக் விழுந்தது, பணம் விழவில்லை

சென்னையில் ஒரு வாடகை கார் ஓட்டுநரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆள் கற்பனை, நாள் உண்மையானது: 2025 ஏப்ரல் 12, இரண்டாவது சனிக்கிழமை. அன்று நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது. பல ஊர்களில் கடைக்காரர்களும் ஓட்டுநர்களும் மதியம் வரை போனைப் பார்த்தபடி நின்றார்கள்.

எழும்பூர் ரயில் நிலையத்தில் ஏறிய இளைஞர் வேளச்சேரியில் இறங்குகிறார். வாடகை 480 ரூபாய். முன் இருக்கையின் பின்புறம் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறார். சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுப் பச்சை டிக் விழுகிறது.

"போயிடுச்சுண்ணா, பாருங்க."

"எனக்கு மெசேஜ் வரலியே தம்பி."

"இன்னிக்கு சர்வர் ஸ்லோண்ணா. கொஞ்ச நேரத்துல வந்துடும். எனக்குக் காசு கட் ஆயிடுச்சு, இதோ பேங்க் மெசேஜ்."

ஓட்டுநர் எட்டிப் பார்க்கிறார். அவர் பெயர் சரியாக இருக்கிறது, தொகை சரி, நேரம் சரி. இளைஞர் பொய் சொல்லவில்லை. பின்னால் இரண்டு வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். அந்த 480 ரூபாய் அன்று இரவும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. போலி ஆப்பைக் காட்டி ஏமாற்றுகிறவர்களைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். ஆனால் நேர்மையான பயணி, உண்மையான ஆப், உண்மையாகவே பிடிக்கப்பட்ட பணம் என எல்லாம் சரியாக இருந்தும் ஓட்டுநருக்கு மட்டும் காசு சேராமல் போவது எப்படி என்பதை யாரும் அவருக்கு விளக்குவதில்லை.

பயணி ரகசிய எண்ணைத் தட்டியதும் அவருடைய ஆப்பிலிருந்து கோரிக்கை என்பிசிஐ-யின் மையக் கணினிக்குப் போகிறது. அது முதலில் பயணியின் வங்கியிடம், "இவர் கணக்கில் 480 ரூபாய் எடு" என்கிறது. வங்கி எடுத்துவிட்டு "எடுத்தாயிற்று" என்று பதில் தருகிறது. அடுத்து அதே மையம் ஓட்டுநரின் வங்கியிடம், "இவர் கணக்கில் 480 ரூபாய் போடு" என்கிறது. அந்த வங்கி "போட்டாயிற்று" என்று சொன்னால்தான் காரியம் முழுமையாக முடிகிறது. இத்தனையும் சில நொடிகளில் நடந்துவிடுவதால் நமக்கு இது ஒரே செயலாகத் தெரிகிறது. உண்மையில் இவை வெவ்வேறு இடங்களில் நடக்கும் இரண்டு செயல்கள்: முதலில் பற்று, பிறகு வரவு.

பயணி வாலட்டிலிருந்து கட்டினாலும் இதே வழிதான். கேஒய்சி முழுமையாக முடித்த வாலட்டுகளிலிருந்து யுபிஐ க்யூஆருக்குப் பணம் அனுப்பலாம். அப்போது பயணியின் வங்கி நிற்கும் இடத்தில் வாலட் நிறுவனம் நிற்கிறது. மறுபக்கம் மாறுவதில்லை.

சிக்கல் இரண்டாவது செயலில் வருகிறது. ஓட்டுநரின் வங்கிக் கணினி திணறிக்கொண்டிருந்தால் "போட்டேன்" என்ற பதிலும் வராது, "போட முடியவில்லை" என்ற பதிலும் வராது. மையம் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதற்கு வரம்பு உண்டு. அந்த ஏப்ரலில் அது 30 நொடி. ஜூன் 16 முதல் 15 நொடியாகக் குறைத்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் பணம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது மையத்துக்கே தெரியாது. உடனே பயணிக்குத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஓட்டுநரின் வங்கி பணத்தைப் போட்டுவிட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால் என்ன செய்வது? அதனால் இப்படிப்பட்டவற்றை, ஏற்கப்பட்டதாகக் கருதிக் கணக்கு எழுதுகிறார்கள். வங்கி வட்டாரத்தில் இதை 'டீம்டு' என்பார்கள். பயணியின் திரையில் இது 'நிலுவையில்' என்று தெரியலாம், 'வெற்றி' என்றும் தெரியலாம். எப்படித் தெரிந்தாலும் அந்தத் திரை உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அனுப்புகிறவர் பக்கம் பணம் எடுக்கப்பட்டுவிட்டது. ஓட்டுநரின் கணக்கில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

ஏப்ரல் 12-ஆம் தேதித் தடங்கலுக்கு என்பிசிஐ பின்னர் சொன்ன காரணமும் இதை ஒட்டியதே. முடிவு தெரியாத பரிவர்த்தனைகள் என்னவாயின என்று சில வங்கிகள் திரும்பத் திரும்ப மையத்தைக் கேட்டன. அந்தக் கேள்விகளின் சுமையே மையத்தைத் திணறவைத்தது. அதன் பிறகு, ஒரு பரிவர்த்தனையின் நிலையைக் கேட்பதற்கும் எண்ணிக்கை வரம்பும் இடைவெளியும் வைத்தார்கள்.

இனி நம் ஓட்டுநரிடம் வருவோம். மறுநாள் ஞாயிறு. திங்கள் சித்திரை முதல் நாள், வங்கி விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை கிளைக்குப் போகிறார். வரவுப் பட்டியலில் அந்த 480 இல்லை. கவுன்டரில் இருப்பவர், "சார், உங்க கணக்குல அப்படி ஒரு என்ட்ரியே இல்லையே, எதை வச்சுத் தேடறது?" என்கிறார். நியாயமான கேள்விதான். வராத பணத்துக்கு ஓட்டுநரின் கணக்கில் எந்தத் தடமும் இருக்காது. தடம் பயணியின் போனில் இருக்கிறது.

ஓட்டுநர் சனிக்கிழமை ஒரு நல்ல காரியம் செய்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். பயணியின் திரையைத் தன் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். அதில் 'UPI Ref No' என்று 12 இலக்க எண் இருக்கிறது. சில ஆப்களில் இது 'UTR' என்று இருக்கும். ஒரு பரிவர்த்தனைக்கு இந்த எண் இரண்டு வங்கிகளிலும் ஒன்றே. பெரும்பாலும் இதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கமாகவும், அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதாகவும் இருக்கும். ஏப்ரல் 12 என்பது 2025-இன் 102-ஆவது நாள். நம் ஓட்டுநரின் படத்தில் இருக்கும் எண் 5102 என்று தொடங்குகிறது. இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனாலும் இன்றைய பணம் என்று காட்டப்படும் ரசீதில் முதல் நான்கு இலக்கங்கள் வேறு மாதத்தைச் சொன்னால், பழைய படமாகவோ போலி ஆப்பாகவோ இருக்கலாம் என்று சந்தேகப்பட அது போதும்.

வங்கி ஊழியர் அந்த எண்ணைப் போட்டுத் தேடுகிறார். கிடைக்கிறது. கோரிக்கை சனிக்கிழமை வந்திருக்கிறது, கணக்கில் வரவாகவில்லை, மறுநாள் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது.

"அப்போ என் காசு?"

"அனுப்பினவருக்கே ரிட்டர்ன் ஆயிடுச்சுங்க. அவரைத்தான் கேக்கணும்."

இதற்கு விதி இருக்கிறது. 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஒருவர் கணக்கில் பணம் எடுக்கப்பட்டு, பெறுகிறவர் கணக்கில் சேராவிட்டால், அதிகபட்சம் மறுநாளுக்குள் அது எடுத்த கணக்குக்கே திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இந்தக் காலக்கெடு தனிநபர்களுக்கிடையிலான பணப் பரிமாற்றத்துக்கு. வணிகருக்குச் செலுத்தியது உறுதியாகாமல் போனால் ஐந்து நாள் அவகாசம். ஓட்டுநரின் வங்கி கணக்குச் சரிபார்க்கும்போது, விட்டுப்போன வரவை வைத்துவிட்டு 'சேர்த்தாயிற்று' என்று உறுதி தரலாம், இல்லையென்றால் பணத்தைத் திருப்பலாம். நம் கதையில் திருப்பிவிட்டது.

நல்ல விதிதான். கோடிக்கணக்கானவர்களின் பணம் நடுவில் தொங்காமல் காப்பது இதுவே. ஆனால் இதன் கண்ணில் பாதிக்கப்பட்டவர் என்பவர் பணம் பிடிக்கப்பட்ட பயணி. பணம் திரும்புவது அவருக்கு, இழப்பீடு கிடைப்பதும் அவருக்கு. வண்டி ஓட்டி, டீசல் எரித்து, ஆளை இறக்கிவிட்டு வந்தவருக்குத் "திரும்பிவிட்டது" என்று ஒரு குறுஞ்செய்திகூட வருவதில்லை. மளிகைக் கடைக்காரருக்கு இது நேர்ந்தால், வாடிக்கையாளர் மறுபடி கடைக்கு வருவார். டாக்ஸிப் பயணியை இரண்டாம் முறை பார்ப்பதே அபூர்வம். ஆப் வழியாக வந்த சவாரி என்றால் பெரும்பாலும் பயணியின் உண்மையான எண்கூடத் தெரியாது. பணம் பெறுகிறவருக்கும் அந்தத் தகவலைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் வர வேண்டும். இது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை, எண் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது.

அதுவரை ஓட்டுநர் செய்யக்கூடியது எல்லாம் பயணி இறங்குவதற்கு முன்னால்தான். தன் கணக்கில் வந்திருக்கிறதா என்று தன் போனில் பார்க்க வேண்டும். குறுஞ்செய்தியை மட்டும் நம்பக் கூடாது, பல நேரம் அது தாமதமாக வரும். ஆப்பின் வரவுப் பட்டியலையோ இருப்பையோ பார்ப்பது நல்லது. இணையம் இல்லாவிட்டால் `*99#` என்று அழைத்தும் இருப்பைப் பார்க்கலாம். வரவில்லை என்றால் மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லிப் பயணியை வற்புறுத்தக் கூடாது. முதல் பணம் சற்று நேரத்தில் வந்துவிட்டால் அவர் இரண்டு முறை கட்டியவராவார். "தம்பி, என் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்க, அந்த ரெஃபரன்ஸ் நம்பரை ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். நாளைக்கு எனக்கு வரலேன்னா உங்களுக்குத் திரும்பியிருக்கும், நான் கூப்பிடறேன்" என்று சொன்னால் மறுக்கிறவர்கள் குறைவு. போலி ரசீது காட்டுகிறவர் அந்த இடத்திலேயே தயங்குவார். அவருடைய எண் எந்த வங்கியிலும் கிடைக்காது. அப்படி நடந்தால் அது வங்கி விவகாரம் இல்லை, மோசடி. உடனே 1930-க்குப் புகார் செய்யலாம்.

வங்கியில் எழுத்தில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் செலவில்லாமல் முறையிடலாம். ஆனால் நம் ஓட்டுநருக்கு அது உதவாது, ஏனென்றால் அவர் வங்கி விதிப்படிதான் நடந்திருக்கிறது. அவருக்கு இருக்கும் வழி, மிஸ்டு கால் பட்டியலில் இருக்கும் அந்த எண். செவ்வாய்க்கிழமை மதியம் கூப்பிடுகிறார். இளைஞர் தன் கணக்கைத் திறந்து பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை இரவே 480 ரூபாய் திரும்பி வந்திருக்கிறது, அவர் கவனிக்கவில்லை. "சாரிண்ணா, இப்பவே போடறேன்" என்கிறார். இந்த முறை ஓட்டுநர் தன் ஆப்பில் வரவைப் பார்க்கிறவரை போனை வைக்கவில்லை.