பதினொரு மணித் தலைவலி

"சித்தி, பதினோரு மணி ஆனா போதும், நெத்தியில துணியை இறுக்கிக் கட்டின மாதிரி வலிக்குது" என்றாள் அக்கா மகள். பிளஸ் டூ படிக்கிறாள். திருப்புதல் தேர்வு தொடங்கியதிலிருந்து இதே கதை. கண்ணில் பவர் இருக்கும் என்று அக்கா கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். பார்வையில் குறை இல்லை.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் மாத்திரை எழுதவில்லை. சமையலறை காலண்டரில் இரண்டு வாரத்துக்குத் தூங்கிய நேரம், சாப்பிட்ட நேரம், வலி வந்த நேரம் மூன்றையும் குறித்துவரச் சொன்னார். வலி வந்த நாளில் பெருக்கல் குறி.

காலண்டர் உண்மையைப் போட்டு உடைத்தது. இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு. ஒன்றரை வரை படிப்பு, ஐந்து மணிக்கு அலாரம். ஏழரைக்குச் சிறப்பு வகுப்பு என்பதால் ஒரு காபியோடு ஓட்டம். அடுத்த சோறு பகல் பன்னிரண்டே முக்காலுக்கு. பதினாறே முக்கால் மணி நேரம் வயிற்றில் காபி மட்டும்!

எட்டு மணி நேரத்துக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் வரும் தலைவலியை மருத்துவம் தனி வகையாகவே கணக்கில் வைத்திருக்கிறது. பெரும்பாலும் விண்விண் என்று தெறிக்காது, மந்தமாக அழுத்தும், சாப்பிட்டால் அடங்கும். அவளுக்கும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெல்ல விட்டுவிடும்.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே தோசை சாப்பிட்டும் வலி வந்திருந்தது. முந்தின இரவு அவள் தூங்கியது மூன்று மணி நேரம். பசி பாதி, தூக்கம் பாதி என்று அப்போதுதான் புரிந்தது. அந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

வகுப்புக்குக் கிளம்பும் முன் இரண்டு இட்லி, பத்து மணி இடைவேளைக்கு டப்பாவில் கொஞ்சம் சுண்டல், இரவு பத்தரைக்கு விளக்கை அணைப்பது என்று மாற்றினோம். முதல் மூன்று நாள் பெருக்கல் குறி விழுந்துகொண்டுதான் இருந்தது. "ஒண்ணும் ஆகல சித்தி" என்று அழுதாள். நான்காம் நாளிலிருந்து குறைந்தது. அந்த மூன்று நாளில்தான் பலரும் வலி மாத்திரையைக் கையிலெடுக்கிறார்கள். மாதத்தில் பதினைந்து நாள், அதற்கு மேல் என்று மாதக்கணக்கில் விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

எல்லாத் தலைவலியையும் பசி என்று தள்ளிவிடவும் கூடாது. திடீரென்று தாங்க முடியாமல் வருவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, காலையில் எழுந்ததும் வாந்தியோடு வலிப்பது, பார்வை இரண்டாகத் தெரிவது இவற்றுக்குக் காலண்டர் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பொதுத்தேர்வு காலை பத்து முதல் ஒன்றேகால் வரை. அவளுடைய வலி வரும் அதே நேரம். அந்த மார்ச் தாளை அக்கா இன்னும் கிழிக்கவில்லை. அதில் ஒரே ஒரு பெருக்கல் குறி, இயற்பியல் தேர்வன்று. முந்தின இரவு ஒரு மணி வரை படித்திருக்கிறாள்.