வீட்டிற்கு எந்தச் சுத்தியல்?



வேலூரிலிருந்து திருப்பதிக்கு மாற்றலாகி வந்த நண்பர் ஒருவர், பழைய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துக் குடியேறினார். அவ்வீட்டு முற்றத்து இரும்புக் கதவின் கீல் துருவேறி இறுகிப் போயிருந்தது. கீலைப் பிடித்திருந்த ரிவெட்டு ஆணியின் தலையை வெட்டி எடுத்துவிட்டால் போதும் என்று எண்ணி, இரும்பு வெட்டும் உளி ஒன்றை இரவல் வாங்கி வந்தார். உளியைத் தட்டுவதற்குச் சுவரில் ஆணி அடிக்கும் சுத்தியல்தான் வீட்டில் இருந்தது. நான்காவது அடியிலோ ஐந்தாவது அடியிலோ 'டிங்' என்றொரு கூரிய ஓசை எழுந்தது. அரிசிமணியின் பாதியளவே உள்ள இரும்புச் சில்லு ஒன்று பறந்து வந்து, அவருடைய வலக் கண்ணுக்குச் சற்றுக் கீழே கன்னத்தில் தைத்தது. சில்லு உளியிலிருந்து வந்ததன்று. சுத்தியலின் முகத்து ஓரத்திலிருந்தே தெறித்திருந்தது. இரண்டு விரல் அகலம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

சுத்தியல் வலிமையற்றது என்பதனால் இது நேரவில்லை. தனக்குரியதல்லாத வேலையில் அதனை இறக்கியதே காரணம். வீட்டு வேலைக்குப் பயன்படும் சுத்தியல்கள் மூன்று. ஆணி பிடுங்கும் பிளவுபட்ட நகம் பின்புறம் அமைந்த நகச் சுத்தியல் ஒன்று. பின்புறம் உருண்டைத் தலை உடைய பால்பீன் சுத்தியல் மற்றொன்று. ரப்பர் தலை கொண்டது மூன்றாவது. இம்மூன்றாவதனைத் தச்சர்களின் மரக் கொட்டாப்புளிக்குத் தம்பி என்று சொல்லலாம். சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள இரும்புக் கடைகளில் இவற்றைக் கேட்டு வாங்குவது நம்மவர்க்குக் கடினமன்று. தெலுங்கிலும் சுத்தியல் 'சுத்தி'தான், உளி 'உலி', சம்மட்டி 'சம்மெட்ட'. ஆணிதான் 'மேக்கு' என்று வேறு பெயர் பூண்டிருக்கிறது.

எந்தச் சுத்தியலை எடுப்பது என்பதற்கு ஒரே கேள்விதான் உண்டு: அடி விழும்போது எது விட்டுக் கொடுக்க வேண்டும்? ஆணி அடிக்கையில் மரம் விட்டுக் கொடுக்கிறது. ரிவெட்டு ஆணியை அடிக்கையில் ஆணியின் இரும்பே விட்டுக் கொடுத்துப் பரவ வேண்டும். கல்லைப் பதிக்கையில் கல்லும் விட்டுக் கொடுக்கலாகாது, சுத்தியலும் கல்லைப் புண்படுத்தலாகாது. அடியிலுள்ள சாந்து மட்டும் அமுங்க வேண்டும். இவ்வேற்றுமைக்கு ஏற்பவே மூன்று சுத்தியல்களும் உருவாக்கப்பட்டுள்ளன.

நகச் சுத்தியலின் முகம் எஃகு. அது கடினமாகப் பதப்படுத்தப்பட்டது. சாதாரணக் கம்பி ஆணி அதைவிட மென்மையானது. ஆதலின் எத்தனை முறை அடித்தாலும் முகத்திற்குக் கேடில்லை. ஆனால் கடினமாக்கிய எஃகிற்கு ஒரு குணம் உண்டு. தனக்கு நிகரான கடினப் பொருளின்மீது, அதுவும் ஓரமாக மோதினால், அது நசுங்குவதில்லை. கண்ணாடிபோலச் சில்லாகத் தெறிக்கிறது. உளி, மற்றொரு சுத்தியலின் முகம், காங்கிரீட் சுவருக்கென்று விற்கும் கடின ஆணி ஆகிய மூன்றையும் நகச் சுத்தியலால் அடிக்கலாகாது என்பதன் காரணம் இதுவே. காங்கிரீட் சுவரில் படம் மாட்ட வேண்டுமானால் துளையிடும் பொறியால் துளையிட்டு அடைப்பானும் திருகாணியும் வைப்பதே நல்லது. பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவர்களுக்கும் அதுவே தகும். அங்கு ஆணி அடித்தால் பூச்சு உதிர்ந்து ஆணி ஆடத் தொடங்கிவிடும்.

நகச் சுத்தியலின் உண்மையான சிறப்பு அடிப்பதில் இல்லை, பிடுங்குவதில்தான் இருக்கிறது. நகத்தை ஆணித் தலையின்கீழ் செலுத்திக் காம்பைப் பின்னால் சாய்த்தால், சுத்தியல் ஒரு நெம்புகோலாகிறது. கை பிடிக்கும் இடம் ஊன்றுமிடத்திலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவிலும், ஆணி 4 சென்டிமீட்டர் தொலைவிலும் இருக்குமானால், கையின் விசை ஏழு மடங்குக்கு மேல் பெருகி ஆணியை இழுக்கும். தொடக்கத்தில் இது இனிதே நடக்கும். ஆணி பாதி எழுந்தபின் காம்பு மிகவும் சாய்ந்துவிடுவதால், ஆணி நேராக வராமல் வளைந்து துளையைக் கிழித்துக்கொண்டு வரும். மரத்தின்மீது சுத்தியல் தலையின் பள்ளமும் விழும். அப்பொழுது சுத்தியலை எடுத்துவிட்டு, ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரக்கட்டையைத் தலையின்கீழ் வைத்து மறுபடியும் இழுக்க வேண்டும். மூன்று அங்குல ஆணிக்கு ஒரு கட்டை போதும். பழைய தேக்கு நிலையில் பல்லாண்டுகள் துருவேறிய ஆணி அசையாவிடில், முதலில் அதனை உள்நோக்கி இலேசாக ஒரு தட்டுத் தட்டுங்கள். துருவின் பிடி விட்டதும் வெளிவரும்.

சுத்தியலின் தலை காம்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறப்பதும் ஒரு பழைய தொல்லை. அமெரிக்காவின் நார்விச் என்னும் ஊரைச் சேர்ந்த கொல்லர் டேவிட் மேடோல், 1840-களில், காம்பு நுழையும் துளையை வாய்ச்சியின் கழுத்துப் போல் நீளமாக்கிக் காம்பு ஆழமாகப் பற்றுமாறு செய்தார். இன்று நம் கையிலுள்ள நகச் சுத்தியல்கள் பெரும்பாலும் அவ்வமைப்பினவே. ஆயினும் திருப்பதி, சித்தூர்ப் பக்கத்துச் சித்திரை வைகாசி வெயிலில் மரக் காம்பு வற்றிச் சுருங்கும், தலை ஆடும். இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைப்பது நம் வீடுகளில் வழக்கம். அப்போதைக்கு இறுகும், மெய்தான். ஆனால் உப்பிய மரநார் இரும்போடு நெருக்குண்டு நசுங்கிவிடுவதால், காய்ந்தபின் முன்னிலும் அதிகமாக ஆடும். காம்பின் நுனியில் புதிய ஆப்பு ஒன்றை இறக்குவதே முறை.

இனிப் பால்பீன் சுத்தியல். இது இரும்போடு பழகுவதற்கென்றே பிறந்தது. இதன் முகம் உளித் தலையையும் துளையூசியையும் அடிப்பதற்கு ஏற்பப் பதம் செய்யப்பட்டு, ஓரமும் நன்கு சரித்துத் தேய்க்கப்பட்டிருக்கும். ஓரம் கூராக இல்லாமையால் சில்லாகப் பெயரும் வாய்ப்புக் குறைவு. நண்பரின் கீலுக்கு இதுவே உரியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவ்வேலையை அரைக்கிலோ எடையுள்ள பால்பீன் சுத்தியலால் செய்து முடித்தோம். அதனை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உளியைப் பார்த்தோம். அதன் தலை, பலகாலம் அடிபட்டுக் காளான்போல் விரிந்து ஓரங்கள் மடிந்திருந்தது. மடிந்த ஓரமும் தெறிக்கும். ஆகவே அரத்தால் அதைத் தேய்த்து எடுத்தோம். அடிக்கும் சுத்தியலின் முகம் உளித் தலையைவிட 10 மில்லிமீட்டராவது அகலமாக இருக்க வேண்டும் என்பது தொழில் விதி. உளித் தலை 15 மில்லிமீட்டர். சுத்தியல் முகம் 28 மில்லிமீட்டர். போதும். இருவரும் காப்புக் கண்ணாடி அணிந்தோம். மூக்குக் கண்ணாடி இதற்கு ஈடாகாது, பக்கங்கள் திறந்திருக்கும். உளியின் சரிந்த பக்கம் மேலே இருக்குமாறு தகட்டோடு படிய வைத்து, ரிவெட்டுத் தலையை ஒரு பக்கம் பாதி வெட்டி, பின்பு எதிர்ப்பக்கம் வந்து வெட்ட, தலை கழன்றது. தண்டை, முனை மழுங்கிய துளையூசியால் தட்டி மறுபுறம் வெளியேற்றினோம்.

புதிய ரிவெட்டு 6 மில்லிமீட்டர்க் கனம். துளைக்கு வெளியே தண்டு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்? உருண்டைத் தலை வேண்டுமானால் கனத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது 9 மில்லிமீட்டர். கீழ்த் தலையைத் தண்டவாளத் துண்டு ஒன்றின்மேல் தாங்க வைத்து, முதலில் தட்டை முகத்தால் இரண்டு மூன்று நேரான அடி அடித்தோம். அதனால் தண்டு உப்பித் துளையை நிரப்பியது. அதன்பின் சுத்தியலைத் திருப்பி, உருண்டைத் தலையால் நுனியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி இலேசாகத் தட்டினோம். உருண்டை ஒரு சிறு புள்ளியில் மட்டும் அழுத்துவதால், அங்குள்ள இரும்பு வெளிப்பக்கம் வழிந்து பரவுகிறது. தட்டை முகத்தால் இது எளிதில் வாராது. தலை ஒரு பக்கம் சாய்ந்தால் அடி சாய்ந்து விழுகிறது என்றோ, தண்டு நீளம் மிகுதி என்றோ பொருள். விளிம்பில் மயிரிழை வெடிப்புத் தோன்றினால் அடி மிகுந்துவிட்டது. அந்த ரிவெட்டை எறிந்துவிட்டுப் புதிது இடுவதே நலம். தோசைக் கல்லின் கைப்பிடியும் வாணலியின் காதும் ஆடினால், இதே முறையில் சிறிய 200 கிராம் சுத்தியலால் இறுக்கிக்கொள்ளலாம். கைப்பிடி மரமாக இருந்தால் மட்டும் அடியை மிகவும் குறைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாகிய ரப்பர்ச் சுத்தியலால் ஆணி அடிக்க இயலாது. ஆணித் தலை ரப்பரில் புதைந்து அதனைக் கிழிக்கும். இரும்பு முகம் பட்டவுடன் அடி நொடிப்பொழுதில் ஒரு புள்ளியில் முடிந்துவிடுகிறது. ரப்பரோ நசுங்கிச் சற்று நேரம் எடுத்துக்கொண்டு, அகலமான இடத்தில் தள்ளுகிறது. இப்பகுதியில் அடுக்களை மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் மிகுதியாகப் பயன்படும் கடப்பைக் கல்லுக்கு இது மிகவும் உகந்தது. கடப்பைக் கல் அடுக்கடுக்காகப் படிந்த சுண்ணக்கல் இனம். இரும்புச் சுத்தியல் பட்டால் மேல்தோல் உரியும், மூலை சிதறும். ஆடும் கல் ஒன்றைத் திரும்பப் பதிக்கும்போது, பழைய சாந்தைச் சுரண்டி எடுத்துத் தளத்தை நனைத்துப் புதுச் சாந்து பரப்பி, கல்லின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ரப்பர்ச் சுத்தியலால் தட்டிக்கொண்டு வாருங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். சாந்து நிரம்பிய இடம் 'தொம்' என்று அடங்கி ஒலிக்கும். அடியில் வெற்றிடம் இருந்தால் பானையைத் தட்டினாற்போல் முழங்கும். முழங்கும் இடத்தில் மேலும் ஓங்கித் தட்டுவதால் பயனில்லை. கல்லைத் தூக்கி அங்கே சாந்து இட வேண்டும். வெளிர்நிறத் தரை ஓடுகளில் கறுப்பு ரப்பர் கறை படிக்கும். வெள்ளை ரப்பர்த் தலை வாங்குங்கள், அல்லது துணி ஒன்றை இடையில் வையுங்கள். ஓங்கி அடித்தால் ரப்பர் துள்ளித் திரும்பி நெற்றியைத் தாக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

கண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இரும்பின்மேல் இரும்பை அடிக்கும்போது கண்ணில் ஏதோ பட்டதுபோல் தோன்றி, சிறிது நேரத்தில் வலி அடங்கிவிடுவதுண்டு. அத்துடன் விட்டுவிடலாகாது. ஊசிமுனை போன்ற சில்லு வலியின்றியே கண்ணுக்குள் புகுந்துவிடக்கூடும். உள்ளே தங்கிய இரும்பு துருவேறி, நாளடைவில் விழித்திரையைக் கெடுத்துப் பார்வையைப் பறிக்கும். கண்ணைக் கசக்காமல், அழுத்தாமல், தாமாக எதையும் எடுக்க முயலாமல் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். "இரும்பை அடித்துக்கொண்டிருந்தேன்" என்பதை முதலில் சொல்லுங்கள். அவர் எந்தச் சோதனை செய்வது, காந்தப் படக் கருவியைத் தவிர்ப்பதா என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லைப் பொறுத்தே அமையும்.

நண்பரின் நகச் சுத்தியல் இன்றும் அவர் வீட்டில் இருக்கிறது. முகத்தின் ஓரத்தில் அரிசிமணியளவு குழி விழுந்திருப்பதால் அதை அடிப்பதற்கு எடுப்பதில்லை. ஒருமுறை பெயர்ந்த ஓரம் மறுமுறையும் பெயரும். ஆணி பிடுங்குவதற்கு மட்டும் வைத்திருக்கிறார்.