‘மஸ்ட்’ எதிர்மறையானால்

ஆங்கில ‘மஸ்ட்’டுக்கு இரண்டு வேலை. ‘யூ மஸ்ட் கோ’ என்றால் போயே ஆக வேண்டும், அது கட்டாயம். வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்து ‘ஹீ மஸ்ட் பி அட் ஹோம்’ என்றால், அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும். அது உறுதியான ஊகம்.

சிக்கல் எதிர்மறையில்தான். ‘யூ மஸ்ட் நாட் கோ’ என்பது போகக் கூடாது என்ற தடை. போக வேண்டிய அவசியமில்லை என்பதற்கு ‘யூ டோன்ட் ஹேவ் டு கோ’ என்பார்கள். இரண்டையும் குழப்பினால் சலுகை தடையாகிவிடும்.

ஊகத்தை மறுக்கும்போது பெரும்பாலும் ‘மஸ்ட்’டே விலகிவிடும். வாசலில் பூட்டு தொங்கினால் ‘ஹீ கான்ட் பி அட் ஹோம்’. இருக்க வாய்ப்பே இல்லை. பூட்டுமில்லை, விளக்குமில்லை என்றால் ‘ஹீ மைட் பி அட் ஹோம்’, இருந்தாலும் இருக்கலாம். ‘மே’ சொன்னாலும் ஏறக்குறைய அதே பொருள்தான். ஆனால் ‘யூ மே கோ’ என்றால் போகலாம் என்ற அனுமதி.