ஆண்டின் சிறந்த ஊழியர்: விருதுக்கு முன் மூன்று நிமிட உரை

ஹோட்டல்களின் ஆண்டு ஊழியர் விழாவில் ‘ஆண்டின் சிறந்த ஊழியர்’ விருதைப் பெரும்பாலும் ஜெனரல் மேனேஜர்தான் வழங்குவார். கேடயத்தைக் கொடுப்பதற்கு முன் அவர் இரண்டு மூன்று நிமிடம் பேசுவது வழக்கம். இத்தனை பேர் இருக்க ஏன் இவர் என்ற கேள்விக்கு அந்த உரை பதில் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் வெளியாட்கள் அல்லர். விருது பெறுபவரோடு ஒரே கேன்டீனில் சாப்பிட்டு, ஒரே ஷிப்டில் நின்றவர்கள். அவர்கள் முன்னால் கூட்டிச் சொன்னாலும் தெரிந்துவிடும், மழுப்பினாலும் தெரிந்துவிடும்.

மழுப்பல்தான் அதிகம் நடக்கிறது. ‘கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், எப்போதும் சிரித்த முகம்’ என்று அடுக்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்த வரிகளை அரங்கில் உள்ள முக்கால்வாசிப் பேருக்கும் வாசிக்கலாம். பெயரை மாற்றினாலும் பொருந்துகிற உரை இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். அந்த ஆண்டில் அவர் செய்த ஒரு காரியத்தை எடுத்து, நடந்த வரிசையில் சொல்வதே சரியான வழி. அதற்கு முதலில் அந்தக் காரியத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

ரிசப்ஷனிலோ உணவகத்திலோ வேலை செய்பவர் என்றால் இது சுலபம். விருந்தினர்கள் கருத்துச் சீட்டில் பெயரைக் குறிப்பிட்டு எழுதிவிட்டுப் போகிறார்கள். லாண்டரி, பாத்திரம் கழுவும் பகுதி, கொதிகலன் அறை ஆகியவற்றில் இருப்பவர்களை விருந்தினர் பார்ப்பதே இல்லை. பாராட்டுச் சீட்டுகளை மட்டும் எண்ணினால் விருது ஆண்டுதோறும் முன்வாசலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தாஜ் குழுமம் 2001இல் தொடங்கிய ‘ஸ்டார்ஸ்’ திட்டம், விருந்தினர் பாராட்டோடு சக ஊழியரின் பாராட்டுக்கும், ஊழியர் தரும் யோசனைகளுக்கும் புள்ளிகள் கொடுத்தது இந்தக் குறைக்கு ஒரு நல்ல மாற்று. அத்தகைய ஏற்பாடு இல்லாத இடங்களில், உரை எழுதுபவர் துறைகளின் லாக் புத்தகங்களைத்தான் புரட்ட வேண்டும்.

அப்படிப் புரட்டும்போது என்ன கிடைக்கலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சென்னையில் ஒரு பெரிய ஹோட்டல், முகூர்த்த நாள் இரவு, 600 பேருக்கு விருந்து என்று வைத்துக்கொள்வோம். கிச்சன் ஸ்டூவர்டிங் லாக் புத்தகத்தில் இரண்டே வரிகள்: ‘8.40 மணி. ஃபைனல் ரின்ஸ் 70 டிகிரி. மெஷின் நிறுத்தம். கையால் கழுவப்பட்டது.’

இதன் கனம் உடனே தெரியாது. வெந்நீரால் கிருமி நீக்கும் பாத்திரம் கழுவும் மெஷினில், கடைசியாக அலசும் தண்ணீர் ஏறத்தாழ 82 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சோப்பும் முதல் தண்ணீரும் எச்சிலையும் எண்ணெயையும் எடுத்துவிடும். கிருமியை அழிப்பது அந்தக் கடைசிச் சூடு. அது 70க்கு இறங்கினாலும் தட்டு பளபளவென்றுதான் வெளியே வரும். டயலைப் பார்ப்பவருக்கு மட்டுமே குறை தெரியும்.

இரண்டு வரியை மட்டும் நம்பி உரை எழுத முடியாது. அன்றைய சூப்பர்வைசர், பழுது பார்த்த டெக்னீஷியன், பக்கத்தில் நின்று கழுவியவர் மூவரையும் தனித்தனியே கேட்க வேண்டும். மூவர் சொல்வதும் ஒத்துப்போகிற பகுதி மட்டுமே மேடைக்கு ஏற வேண்டும். அதன் பிறகு உரை ஏறக்குறைய இப்படி அமையும்:

“நவம்பரில் ஒரு முகூர்த்த ராத்திரி. மேலே ஹாலில் 600 பேர். முதல் பந்தித் தட்டுகள் கீழே வந்துகொண்டிருந்தன, அடுத்த பந்திக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. மெஷினில் நின்றவர் டயலைப் பார்த்தார். 82 டிகிரி காட்ட வேண்டிய முள் 70இல் நின்றது. அந்தச் சூடு இல்லாமல் தட்டில் கிருமி சாகாது. தட்டு சுத்தமாகத்தான் தெரிந்தது, யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் மெஷினை நிறுத்தினார். அடுக்கி வைத்திருந்த தட்டுகளையும் திரும்ப எடுத்தார். மூன்று தொட்டிகள்: ஒன்றில் கழுவி, அடுத்ததில் அலசி, மூன்றாவதில் குளோரின் தண்ணீர். சோதனைத் தாளை நனைத்து அளவைப் பார்த்த பிறகுதான் முதல் தட்டை உள்ளே விட்டார். கூட நின்று கழுவிய நான்கு பேரும், ஹீட்டரைச் சரிசெய்த நம் இன்ஜினியரிங் தோழரும் இதே அரங்கில் இருக்கிறார்கள். பந்தி சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது.”

இந்த உரையில் சில விஷயங்கள் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கின்றன. ‘பெரிய ஆபத்திலிருந்து 600 பேரைக் காப்பாற்றினார்’ என்ற வரி எழுதுபவர் கையில் தானாக வந்து நிற்கும். யாருக்காவது உடம்புக்கு வந்திருக்குமா என்பதற்கு ஆதாரம் இல்லாததால் அது சேர்க்கப்படவில்லை. ஹீட்டர் பழுதானது யார் தவறு என்ற பேச்சும் இல்லை. ஒரு துறையைத் தூக்கிப் பிடிக்க இன்னொரு துறையைக் குனிய வைத்தால், விழா முடிந்த மறுநாளே சமையற்கட்டில் அது வெடிக்கும். விருந்து யாருடையது என்பதும் வெளியே வரவில்லை. விருந்தினரின் பெயரும் அறை எண்ணும் மேடையில் ஒலிக்கவே கூடாது. 82 டிகிரி எதற்கு என்று ஒரு வாக்கியத்தில் சொன்னது, முன்வரிசையில் இருக்கும் அவருடைய பெற்றோருக்காக.

பாராட்டாக நினைத்துச் சொல்லப்படும் ஒரு வாக்கியம் ஹோட்டலில் உண்மையிலேயே கெடுதல் செய்யும். ‘காய்ச்சலிலும் ஒரு நாள் லீவு போட்டதில்லை’ என்பதுதான் அது. தொற்றுநோய் உள்ளவர் உணவைக் கையாளக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பயிற்சி வகுப்பில் ஹோட்டலே அதைச் சொல்லிக்கொடுக்கிறது. மேடையில் அதற்கு மாறாகப் புகழ்ந்தால், வயிற்றுப்போக்கோடு மாவு பிசைய வருபவரை யாரும் தடுக்க முடியாது. வீட்டுக் கஷ்டம், கடன், குடும்பத்தில் நோய் ஆகியவற்றைச் சொல்லிக் கண்ணீர் வரவழைப்பதும் வேண்டாம். அவர் விருது வாங்குவது வேலைக்காக. சொந்தக் கதை அவருடையது. மைக்கில் சொல்லும் உரிமை வேறு யாருக்கும் இல்லை.

அளவு 200 முதல் 250 சொற்கள் போதும். அதற்கு மேல் போனால் அரங்கின் பின்வரிசையில் பேச்சு தொடங்கிவிடும். மொழியைத் தேர்வதில்தான் அதிகக் கவனம் வேண்டும். சென்னை ஹோட்டல்களின் சமையற்கட்டிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் நேபாளத்திலிருந்தும், ஒடிசா, வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் நிறைய. முழு உரையும் ஆங்கிலத்தில் ஓடினால், யாருக்காகப் பேசப்படுகிறதோ அவருக்கே பாதி புரியாமல் போகலாம். சம்பவத்தைத் தமிழில் சொல்லி, தமிழ் அறியாதவர் என்றால் முக்கியமான இரண்டு வரிகளை அவர் மொழியிலேயே சொல்வது நல்லது. சக ஊழியர் ஒருவரிடம் கேட்டு, பெயரின் உச்சரிப்பை முன்கூட்டியே நாலைந்து முறை சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் சரியாகப் பேசிவிட்டுப் பெயரைச் சிதைத்தால் அவ்வளவும் வீண்.

பெயர் கடைசியில் வர வேண்டும். ‘மெஷினில் நின்றவர்’ என்ற இடத்திலேயே அவருடைய துறையினர் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களுடைய சத்தம் எழும்போது பேசுபவர் அவசரப்படாமல் நிறுத்தினால் போதும். பெயரைச் சொன்ன பிறகு ஒரு வார்த்தையும் சேர்க்கக் கூடாது. அவர் இருக்கையிலிருந்து மேடைக்கு நடந்து வரும் நேரம் முழுவதும் கைதட்டலுக்கானது. கேடயத்தை இடக்கையில் பிடித்துக்கொண்டால் வலக்கை குலுக்குவதற்கு ஒழிந்திருக்கும், புகைப்படமும் சரியாக விழும். இரண்டு வார்த்தை பேசுமாறு மைக்கை அவரிடம் நீட்டுவதென்றால், விருப்பமா என்று முன்பே ஜாடையாகக் கேட்டு வைப்பது மரியாதை.

ஹோட்டல் மூடுவதில்லை என்பதால் விழா நேரத்தில் ஒரு ஷிப்ட் எப்படியும் வேலையில் இருக்கும். விருது பெற்றவரோடு அன்றிரவு தட்டு கழுவிய நால்வரில் ஒருவர் அப்போது மெஷினருகே நின்றுகொண்டிருக்கலாம். ஆகவே உரையை அச்சிட்டு ஊழியர் கேன்டீன் பலகையில் ஒட்டுவதும், அடுத்த ஷிப்ட் தொடங்குமுன் நடக்கும் சிறு கூட்டத்தில் வாசிப்பதும் நல்லது. இன்னொரு பிரதி அவருடைய மனிதவளத் துறைக் கோப்பில் இருக்க வேண்டும். சூப்பர்வைசர் பதவிக்கு அவர் விண்ணப்பிக்கும்போது, லாக் புத்தகத்தின் அந்த இரண்டு வரிகளுக்கு விளக்கமாக இருக்கப்போவது அந்தத் தாள்தான்.